பதினேழாம் தேதி நிலா

என் கல்யாணத் தேதியை நானே கணக்குப் போட்டு எடுத்தேன். வேறு யாராவது எடுத்திருந்தால் அவர்கள் மேல் பழி போட்டுவிட்டு நானும் எப்போதோ மறந்திருப்பேன்.

இராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். கொழும்பில் கருவாட்டு மண்டி ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஒருவரை எனக்குப் பேசி முடித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர், தகப்பன் இல்லாதவர், ஒரே மகன். 1953-ஆம் வருசம் ஐப்பசியில் அவரிடமிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. இலங்கையில் இந்தியாக்காரர்களுக்கு நாளுக்கு நாள் கெடுபிடி கூடுகிறது, ஊருக்கு வந்தால் திரும்பி உள்ளே போக முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அந்தத் தாளில் போகிற தேதியும் வருகிற தேதியும் முத்திரை குத்தித் தருவார்கள், பிறகு மாற்ற முடியாது என்று எழுதியிருந்தார். முதலாளி பிப்ரவரி மாசக் கணக்கு முடியாமல் விடமாட்டார். மார்ச் நாலாம் தேதிக்கு மேல் கிளம்பலாம். அதற்குப் பிறகு தபசுகாலம் தொடங்க இடைவெளி இருக்கிறதா, விபூதிப் புதன் என்றைக்கு வருகிறது என்று விசாரித்து எழுதவும்.

எங்கள் சனங்களுக்கு விபூதிப் புதனில் தொடங்கிப் பாஸ்கு ஞாயிறு, அதாவது ஈஸ்டர் வரைக்கும் தபசுகாலம், அதில் கல்யாணம் கிடையாது. பாஸ்குத் தேதி தெரிந்தால் அதிலிருந்து நாற்பத்தாறு நாள் பின்னால் எண்ணினால் விபூதிப் புதன். பாஸ்குதான் வருசத்துக்கு வருசம் நகரும்.

அப்பா கடிதத்தை மடித்து என்னிடம் தந்தார்.

"பங்குச் சாமியார்ட்ட போய்க் கேக்கணும். ரெண்டு மைல் நடக்கணுமே."

"நடக்காண்டாம்ப்பா. நான் சொல்லுதேன்," என்றேன்.

எனக்கு அந்த விதி தெரியும். மார்ச் இருபத்தொன்று, பகலும் இரவும் சமமாகிற நாள். அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் முழுநிலா. அதை அடுத்த ஞாயிறு பாஸ்கு. முழுநிலாவே ஞாயிற்றுக்கிழமை வந்தால் அன்று கிடையாது, அடுத்த ஞாயிறு. பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது ஒரு மடத்துத் தாயார் சொன்னது. அன்றிலிருந்து வருசா வருசம் பஞ்சாங்கத்தை வைத்து நானே பார்த்து வந்தேன். ஒரு வருசமும் பிசகவில்லை. ஐம்பதாம் வருசம் ஏப்ரல் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. நான் ஒன்பதாம் தேதி என்றேன். கோவிலிலும் ஒன்பதாம் தேதிதான் பாஸ்கு. அப்பா அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதன்பிறகு வீட்டில் கோவில் காலண்டர் வாங்குவதையே நிறுத்திவிட்டார். வீட்டிலேயே கணக்குக்காரி இருக்கும்போது காலண்டருக்கு எதற்குக் காசு என்பார். எனக்கும் அது பிடித்திருந்தது.

எங்கள் பள்ளித் தமிழ்ப் பண்டிதர் கோட்டாற்றுக்காரர். அவரிடம் கொல்லம் ஆயிரத்து நூற்று இருபத்தொன்பதாம் ஆண்டுப் பஞ்சாங்கம் இருந்தது. மேட மாசம் பிறந்து சில நாளில் பௌர்ணமி. ஏப்ரல் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நிலா நிறைகிறது என்று நாழிகைக் கணக்கோடு போட்டிருந்தது. பண்டிதரை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான். ஆகவே பாஸ்கு ஏப்ரல் இருபத்தைந்து. நாற்பத்தாறு நாள் பின்னால் போனால் விபூதிப் புதன் மார்ச் பத்து.

வீட்டு அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் நாற்பத்து மூன்றாம் வருசக் கோவில் காலண்டர் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்தது. அந்த வருசத்துக் கிழமைகளும் ஐம்பத்து நாலின் கிழமைகளும் ஒன்று. அதிலும் விபூதிப் புதன் மார்ச் பத்து, பாஸ்கு ஏப்ரல் இருபத்தைந்து. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மார்ச் எட்டு திங்கட்கிழமை கல்யாணம் என்று நானே கொழும்புக்குக் கடிதம் எழுதினேன். அப்பா கீழே கையெழுத்துப் போட்டார். மார்கழியில் பதில் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது. நாலாம் தேதி கிளம்பி ஆறாம் தேதி சனிக்கிழமை ஊர் சேருவேன், இருபதாம் தேதிக்குள் திரும்பிக் கொழும்பில் கால் வைக்க வேண்டும்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை, ஓலை வாசிக்கச் சொல்லி வர அப்பா பங்குக் கோவிலுக்குப் போனார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிக்க வேண்டும். எங்கள் ஊரில் இருந்தது சின்னக் குருசடிக் கோவில். சாமியார் மாதம் ஒருமுறைதான் வந்து பூசை வைப்பார். அந்த வருசம் ஜனவரியில் இளைப்பு வந்து படுத்துவிட்டதால் அதற்கும் வரவில்லை. வந்திருந்தால் அன்றே திருநாள் தேதிகளை வாசித்திருப்பார்.

அப்பா மதியத்துக்குள் திரும்பி வந்தார். வெயிலில் நடந்து வந்தவர் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"மக்கா, விபூதி மார்ச் மூணுங்காரு சாமி."

"பத்துப்பா."

"மூணுங்காரு. பொஸ்தகத்தத் தொறந்து காட்டுனாரு."

"அவரு வரி மாறிப் பாத்திருப்பாரு."

அன்றே பண்டிதர் வீட்டுக்கு ஆளனுப்பிப் பஞ்சாங்கத்தை வாங்கினேன். மறுநாள் பூசை முடிந்ததும் அப்பாவும் நானும் சாமியார் அறையில் நின்றோம். நான் பஞ்சாங்கத்தை விரித்து மேசையில் வைத்தேன். சாமியார் அதைப் பொறுமையாகப் பார்த்தார். வயதானவர், பேச்சுக்கு நடுவில் மூச்சு வாங்கும்.

"கணக்குத் தப்பில்ல, டீச்சர். நீங்க எடுத்த நிலா தப்பு," என்றார்.

எனக்கு விளங்கவில்லை. லத்தீன் பூசைப் புத்தகத்தின் முன்பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். கட்டம் கட்டமாக எண்கள்.

"பாஸ்குக்கு யாரும் வானத்தப் பாக்கது இல்ல. ஊருக்கு ஊரு நிலா நிறையுத நேரம் வேற. ஒலகம் முழுக்க ஒரே நாள் கொண்டாடணும்னு முன்னூத்தம்பது வருசத்துக்கு மேல ஆச்சு, அட்டவணை போட்டு வச்சாச்சு. பகலும் ராவும் சமமாகது இருபதாம் தேதி ஆனாலும் சரி, திருச்சபைக்கு இருபத்தொண்ணுதான். அதே மாதிரி நிலாவுக்கும் அட்டவணை. பத்தொம்பது வருசத்துக்கு ஒரு சுத்து. சுத்துல ஒவ்வொரு வருசத்துக்கும் ஒரு எண்ணு, வருசம் பொறக்கும்போது நிலாவுக்கு எத்தன நாள் வயசுங்கிற எண்ணு. அதுல இருந்து முழுநிலாத் தேதி வரும். இந்த வருசம் ஏப்ரல் பதினேழு. சனிக்கிழம. அப்ப மறுநாள் பதினெட்டு பாஸ்கு."

"வானத்துல பதினெட்டாம் தேதில்லா சாமி நெறையுது."

"நெறையட்டும்."

நான் அந்தக் கட்டங்களையே பார்த்தேன். ஐம்பத்து நாலுக்கு நேராக இருபத்தைந்து என்ற எண். மற்ற எண்கள் ரோமன் எழுத்தில் இருக்க, இருபத்தைந்து மட்டும் இரண்டு விதமாக அச்சடித்திருந்தது. அது ஏன் என்று கேட்டேன். சாமியார் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

"சாதாரணமா இருபத்தஞ்சுன்னா பதினெட்டாம் தேதிதான் முழுநிலா. ஆனா இதே சுத்துல இருபத்து நாலு வருத வருசம் ஒண்ணு இருக்கு. அதுக்கும் பதினெட்டுதான். ஒரே சுத்துல ரெண்டு வருசத்துக்கு ஒரே தேதி வரக்கூடாதுன்னு இருபத்தஞ்ச ஒரு நாள் முன்னால தள்ளி வச்சிருக்கு."

"இருபத்து நாலு எந்த வருசம் சாமி?"

அவர் விரலை மேலே நகர்த்தினார். "நாப்பத்து மூணு."

அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த காலண்டர். பதினெட்டாம் தேதியை அந்த வருசம் எடுத்துக்கொண்டுவிட்டது. நான் சாட்சி என்று நினைத்ததுதான் என் தேதியைத் தள்ளியிருக்கிறது. கணக்கு டீச்சர் என்பதால் அங்கேயே முழுக்கப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அப்பா என் முகத்தையும் சாமியார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பம் மூணாம் தேதிதானா மக்கா?" என்றார். ஆமாம் என்று தலையசைத்தேன்.

வரும் வழியில் அவர் எனக்கு முன்னால் நடந்தார். என்னைத் திட்டவில்லை.

கொழும்புக்குத் தந்தி அடித்தோம். மார்ச் இரண்டுக்கு முன் வரவும். மூன்றாம் நாள் பதில் தந்தி வந்தது. தேதி மாற்ற முடியாது, சொன்ன நாளில் வருகிறேன்.

சொன்ன நாளில் வந்தார். தனுஷ்கோடியில் கப்பல் இறங்கி, ரயிலேறித் திருநெல்வேலி வந்து, அங்கிருந்து பஸ். நாங்கள் எல்லாரும் நெற்றியில் சாம்பல் வாங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. எனக்கு எடுத்த சேலையைப் பெட்டியோடு அம்மை பரணில் ஏற்றியிருந்தாள்.

அவரை நான் அதற்கு முன் ஒரே தடவைதான் பார்த்திருந்தேன். வந்த மறுநாள் அப்பாவோடு சாமியாரிடம் போய், என்ன வழி என்று கேட்டார். வழி இருந்தது. தபசுகாலத்தில் தடை இருப்பது ஆடம்பரத்துக்கும் மணமக்களை ஆசீர்வதிக்கிற மந்திரிப்புப் பூசைக்கும்தான், தக்க காரணம் இருந்தால் கோட்டாற்று ஆயர் மேற்றிராணியாரின் உத்தரவோடு அமைதியாகத் தாலி கட்டலாம் என்று சாமியார் சொன்னார். அவரே மனு எழுதித் தந்தார். அப்பாவும் மாப்பிள்ளையும் அதைக் கோட்டாற்றுக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. மேளம் கூடாது, பந்தல் கூடாது, மந்திரிப்புப் பூசை பாஸ்கு கழிந்து வைத்துக்கொள்ளலாம். காலையில் இரண்டு சாட்சியோடு வந்தால் போதும்.

அப்பாவுக்கு அன்று கொஞ்சம் முகம் தெளிந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் எங்கள் வீட்டு முற்றத்தில் நின்று சொன்னாள்.

"தபசுல ஒளிச்சுக் கெட்டுதது ஆரு? வயித்துல வாங்குனவ. எனக்க மொவன் கொழும்புல இருந்து ஓடி வந்து அவசரமாக் கெட்டுனாம்னா, ஊரு மாசத்த எண்ணும். எனக்கு ஒரே மொவன். சிலுவையில துணி போத்துத காலத்துல அவனுக்குத் தாலி எடுத்துக் குடுக்க எனக்க கை நீளாது."

என் அம்மை எதிர்த்து எதுவும் சொல்லவில்லை. அவளுக்கும் அதே பயம். அதற்குள் கடற்கரையில் பேச்சு கிளம்பியிருந்தது. கணக்கு டீச்சருக்கா தேதி தப்பும், வேறு ஏதோ இருக்கிறது என்று. தென்னோலை பொறுக்கப் போன பெண்கள் என் காதுபடவே பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என் வயிற்றைப் பார்க்கிறார்களோ என்று தோன்றும். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றே பாடம் நடத்தினேன்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வரும் வழியில் அவர் தென்னந்தோப்பு ஓரம் நின்றுகொண்டிருந்தார். என்னோடு வந்த டீச்சர் சற்றுத் தள்ளி நின்றாள்.

"நாளைக்குக் காலைல சாமியார்ட்ட சொல்லி வச்சிருக்கேன். நீ சரின்னு சொன்னா அம்மையக் கேக்க மாட்டேன். கெட்டிட்டுப் போயிருதேன்," என்றார்.

நான் தள்ளி நின்ற டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அங்க நெலம எப்பிடிப் போகும்னு தெரியல. இந்தத் தடவ குடுத்தான். அடுத்த தடவ குடுப்பானோ என்னமோ. கெட்டுன பெஞ்சாதின்னு தாள்ல இருந்தா அதுக்கு ஒரு வெல உண்டு."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் எனக்குள் வேறொன்று இருந்தது. ஒரு தப்பு செய்துவிட்டேன். அந்தத் தப்பை மறைக்கத்தான் இருட்டுக் கல்யாணம் செய்தாள் என்று சாகிறவரை கேட்க வேண்டுமா? இனிமேல் எதையும் முறையாகச் செய்யவேண்டும், ஒருவரும் ஒரு விரலும் நீட்டக்கூடாது. அன்றைக்கு அது எனக்கு நியாயமாகப் பட்டது. இப்போது யோசித்தால், பண்டிதரிடம் பஞ்சாங்கம் கேட்டு நின்றவளும் இவளும் ஒரே ஆள்தான்.

"பாஸ்கு கழியட்டும். அஞ்சு மாசத்துல என்ன வந்திரும்? ஆவணியில வாருங்க. மேளத்தோட வப்போம்," என்றேன்.

அவர் "ஒனக்க இஷ்டம்," என்று சொல்லிவிட்டு நடந்தார். வியாழக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பிப் போனார். வழியனுப்ப அப்பா மட்டும் போனார்.

ஏப்ரல் பதினெட்டு பாஸ்கு. காலைப் பூசையில் எல்லாரும் புதுத்துணி உடுத்தியிருந்தார்கள். அன்று அந்தியில் தென்னைகளுக்கு மேலே நிலா வட்டமாக ஏறி வந்தது, ஒரு குறையும் இல்லாமல். வாசலில் நின்ற அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

ஆவணியில் அவர் வரவில்லை. அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன் என்று கடிதம் வந்தது. ஐப்பசியில், இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இப்போது வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள், வேலை போய்விடும், பொறுத்திரு என்று வந்தது. பொறுத்தேன். வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று ஒரு கடிதம் எழுதினேன். இங்கே வந்து என்ன செய்வது, அம்மைக்கு மாதம் என்ன அனுப்புவது என்று கேட்டிருந்தார்.  அடுத்த வருசம் இரண்டு கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது.

ஐம்பத்தைந்தாம் வருசக் கடைசியில், கொழும்புக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரி ஒருவர் தூத்துக்குடியில் அப்பாவிடம் சொன்னாராம். மண்டிக்காரரின் உறவில் அங்கேயே குடியுரிமை உள்ள ஒரு பெண்ணை அவருக்குக் கட்டி வைத்துவிட்டார்கள், அதனால் அவருக்கு அங்கே இருந்துகொள்ள வழி கிடைத்தது. அப்பா அதை என்னிடம் நேரடியாகச் சொல்லவில்லை. அம்மையிடம் சொன்னார், அம்மை அடுக்களையில் வைத்து என்னிடம் சொன்னாள். அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்து உலையில் போட்டேன்.

அதன்பிறகு அப்பா என்னிடம் எந்தக் கணக்கும் கேட்டதில்லை. கருவாட்டு எடைக் கணக்கைக்கூட கோவில் உபதேசியார் மகனிடம் கொண்டுபோய்க் கூட்டச் சொல்வார். அவன் தப்புத் தப்பாகக் கூட்டுவான். எனக்குத் தெரியும். நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று பேர் பெண் கேட்டு வந்தார்கள். விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஐம்பத்தாறில் பாஸ்கு ஏப்ரல் ஒன்றாம் தேதி வந்தது. அந்தத் தபசுகாலத்தில் ஒரு நாள் மாலை பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தெரிந்து நிமிர்ந்தேன். அவருடைய அம்மை. கறுத்து மெலிந்து போயிருந்தாள். அன்று முற்றத்தில் நின்றுவிட்டுப் போனபிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வந்ததில்லை.

"வாருங்க மாமி," என்றேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். "ரெண்டு பேருட்ட குடுத்துப் பாத்தேன். தட்டித் தட்டி வாசிக்கானுவ. அவன் என்ன எழுதியிருக்காம்னு எனக்கு முழுசாக் கேக்கணும்."

எனக்குத் தெரிந்த கையெழுத்து. சத்தமாக வாசித்தேன். மகன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் சுகம். என் தகப்பன் பெயரையே வைத்திருக்கிறேன். இப்போதைக்கு வர முடியாது, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். குரல் ஓரிடத்திலும் தடுமாறவில்லை. வகுப்பில் வாசித்த பழக்கம்.

அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கடிதத்தை வாங்கி மறுபடி முடிந்துகொண்டாள். ஆனால் போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அன்னைக்கு அவன் செவ்வாக்கிழம காலைல கெட்டப் போறேம்னு சொல்லிட்டுத்தான் ஒன்னப் பாக்க வந்தான். நான் அவனத் திட்டுனேன். திட்டிட்டு, எனக்க பெட்டியில இருந்து தாலிய எடுத்துத் தொடச்சு வச்சேன். வாறது வரட்டும், கூடப் போயி நிப்போம்னு. அவன் வந்து நீ வேண்டாம்னு சொல்லிட்டன்னு சொன்னான்."

நான் பேனாவை மூடினேன்.

"நான் வந்திருப்பேன் மக்கா," என்றாள்.

படியிறங்கி, மணலில் மெதுவாக நடந்து போனாள். நான் திரும்ப வந்து உட்கார்ந்தேன். இருபத்திரண்டு தாள் பாக்கி இருந்தது. திருத்தினேன்.